நாய்க்குட்டி கடிக்கிறது, லீஷை இழுக்கிறது: எதைப் பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

எங்கள் தெருவில் யார் வீட்டுக்குக் குட்டி வந்தாலும் இரண்டாவது வாரம் என் வீட்டுக் கதவு தட்டப்படும். கையில் கீறல், லுங்கியில் கிழிசல், முகத்தில் கவலை. "முரட்டுக் குட்டியா பாத்து எடுத்துட்டோமா அண்ணே?" என்பார்கள். இத்தனை வருடத்தில் நான் பார்த்த குட்டிகளில் முரட்டுக் குட்டி என்று சொல்லத்தக்கது ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் தூக்கம் போதாத குட்டி, பல் மாறுகிற குட்டி, கையே பொம்மை என்று பழக்கப்பட்ட குட்டி.

கீழே உள்ளது 2 மாதம் முதல் 7 மாதம் வரையுள்ள குட்டிகளுக்கானது. உங்கள் குட்டி செய்வது எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேராக அங்கே போங்கள். காரணங்களைச் செலவே இல்லாததில் ஆரம்பித்து வரிசைப்படுத்தியிருக்கிறேன். முதல் காரணத்தைச் சரிபார்க்காமல் கடைசிக்குத் தாவ வேண்டாம்.

## எல்லாவற்றுக்கும் முன்: பல் பட்டு ரத்தம் வந்திருந்தால்

குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். தோல் சிராய்த்து ரத்தம் வராமல் இருந்தாலும் போக வேண்டும்.

"வீட்டுக் குட்டிதானே, ரெண்டு மாசம்கூட ஆகலையே" என்பது போகாமல் இருக்கக் காரணம் ஆகாது. குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசி பெரும்பாலும் 3 மாதத்தில்தான் போடுகிறார்கள். அதற்கு முன் அது எங்கே, எந்த நாயோடு இருந்தது என்பது நமக்கு முழுதாகத் தெரியாது. ரேபிஸ் வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு மருந்து இல்லை. ஊசி வேண்டுமா, எத்தனை வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

குட்டியின் நடத்தை திடீரென்று மாறி, எச்சில் ஒழுகி, தண்ணீர் விழுங்க முடியாமல், நடை தள்ளாடினால் கையால் தொடாதீர்கள். ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: கையைக் கடிக்கிறது

### மாலையில் மட்டும் தலைகால் புரியாமல் கடிக்கிறது

என்னிடம் வருகிற புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். மாலை ஆறு, ஆறரைக்கு ஆரம்பிக்கும். குட்டி சோபாவைச் சுற்றி ஓடும், காலைக் கவ்வும், கையை நீட்டினால் கடிக்கும், விலக்கினால் இன்னும் வேகமாகப் பாயும். பார்க்கிறவர்கள் "தெம்பு அதிகமா இருக்கு, நல்லா ஓட விடுங்க" என்று சொல்வார்கள். அது நேர்மாறான வைத்தியம். பெரும்பாலும் அந்தக் குட்டிக்குத் தூக்கம் பத்தவில்லை.

இரண்டு, மூன்று மாதக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம், சில சமயம் 20 மணி நேரம்கூடத் தூங்க வேண்டும். கைக்குழந்தை தூக்கம் கலைந்தால் அழுகிற மாதிரி, குட்டி தூக்கம் கெட்டால் கடிக்கும்.

அடுத்த தெருவில் ஒரு லேப்ரடார் ஆண் குட்டி, 11 வாரம். அந்த வீட்டுப் பையனுக்கு எட்டு வயது. இரண்டு கையிலும் முழங்கை வரை கோடு கோடாகப் பல் தடம். அவன் அம்மாவிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன்: "மூணு நாளைக்கு அது எப்போ தூங்குது, எப்போ முழிக்குதுன்னு காலண்டர் பின்னாடி எழுதி வைங்கம்மா." எழுதிக் கொண்டுவந்ததைக் கூட்டினால் இரவு ஆறரை மணி நேரம், பகலில் நாலரை மணி நேரம், மொத்தம் 11. பகலில் குட்டியின் படுக்கை கூடத்தில், டிவிக்குக் கீழே. யார் வந்தாலும் எழுப்பிக் கொஞ்சியிருக்கிறார்கள். நாலு மணிக்குப் பையன் பள்ளியிலிருந்து வந்தால் ஏழு வரை ஓயாமல் விளையாட்டு.

நாங்கள் மாற்றியது இவ்வளவுதான். படுக்கையைப் பின்னறைக்கு எடுத்துப் போனோம். ஜன்னலில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு வெளிச்சத்தைக் குறைத்தோம். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்த ஒன்றரை, இரண்டு மணி நேரம் அங்கே தூக்கம் என்று கணக்கு வைத்தோம். முக்கியமாக, மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை குட்டி பின்னறையில். முதல் நாள் பத்து நிமிடம் முனகியது, பிறகு அடித்துப்போட்ட மாதிரி தூங்கியது. நாலாம் நாள் அந்த அம்மா, "நேத்து சாயந்திரம் ரெண்டு தடவைதான் வாய வச்சுச்சு" என்றார். வேறு எந்தப் பயிற்சியும் அதுவரை ஆரம்பிக்கவே இல்லை.

ஆகவே முதலில் மூன்று நாள் எழுதிப் பாருங்கள். மொத்தம் 15 மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் தூக்கத்தைச் சரிசெய்துவிட்டு ஒரு வாரம் கழித்து இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: தூங்கப் போடும் முன் ஒன்றுக்குப் போகவிட்டு, தண்ணீர் காட்டிவிட வேண்டும். ஒன்றுக்கு முட்டிக்கொண்டு இருக்கும் குட்டி முனகுவதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடக் கூடாது.

### விளையாடும்போது மட்டும் கடிக்கிறது

தூக்கம் சரியாக இருந்தும் விளையாட்டில் கடித்தால், முதல் காரணம் நம் கை. குட்டியின் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டி, வாயைத் தட்டி, மல்லாத்திப் போட்டு வயிற்றைக் குறுகுறுக்க வைத்து விளையாடுபவர் வீட்டில் ஒருவராவது இருப்பார். குட்டிக்கு மாமா கை வேறு, பாட்டி கை வேறு என்று தெரியாது. அவர் கையைக் கடிக்கலாம் என்றால் எல்லார் கையையும் கடிக்கலாம்.

இரண்டாவது காரணம், தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்தது. எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி கூடப்பிறந்த குட்டிகளிடம்தான் கற்றுக்கொள்கிறது. அழுத்திக் கடித்தால் அடுத்த குட்டி கத்திக்கொண்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விற்பனை விதிகளே சொல்கின்றன. ஆனாலும் முப்பது நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுப்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படி வந்த குட்டிக்கு அந்தப் பாடத்தை நாம்தான் நடத்த வேண்டும். கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.

நடத்துகிற முறை இது. ஒரு முழ நீளமாவது இருக்கும் கயிற்றுப் பொம்மையோ, முடிச்சுப் போட்ட பழைய துண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கும் வாய்க்கும் நடுவே தூரம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நீளம். தரையோடு இழுத்து விளையாடுங்கள். பல் தோலில் பட்ட அந்த நொடியில் கையை அசைக்காமல் தளர்த்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் ஓடுகிற இரையைப் பிடிக்கிற மாதிரி இன்னும் இறுக்கும், கீறலும் அப்போதுதான் விழும். வாய் தளர்ந்ததும் ஒன்றும் பேசாமல் எழுந்து அறைக்கு வெளியே போய்விடுங்கள். இருபது, முப்பது நொடி போதும். ஐந்து நிமிடம் கழித்து வந்தால் எதற்காகப் போனீர்கள் என்பதே அதற்கு மறந்திருக்கும். திரும்பி வந்து மறுபடி பொம்மையை நீட்டுங்கள். மூன்று முறை இப்படிப் போக வேண்டி வந்தால் விளையாட்டு அன்றைக்கு அத்தோடு சரி, தூங்கப் போடுங்கள்.

"ஆ" என்று கத்தச் சொல்வார்கள். சில குட்டிகள் அதற்கு நின்றுவிடும், சில குட்டிகளுக்கு அது உற்சாகம் ஏற்றும். இரண்டு முறை செய்து பாருங்கள். காது பின்னால் போய்த் தயங்கினால் உங்கள் குட்டிக்கு அது வேலை செய்கிறது. வாலை ஆட்டிக்கொண்டு திரும்பப் பாய்ந்தால் விட்டுவிடுங்கள்.

அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்கில் தட்டுவது, வாயைப் பொத்திப் பிடிப்பது, மல்லாக்க அமுக்குவது, எல்லாம் அந்த நேரத்துக்குக் கடியை நிறுத்தும். அதனால்தான் வேலை செய்கிற மாதிரித் தெரிகிறது. ஆறு மாதம் கழித்துக் கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கை நீட்டும்போது அதே குட்டி பல்லைக் காட்டும். கை வந்தால் வலிக்கும் என்று கற்றுக்கொண்டிருக்கும். அப்படிக் கெட்டுப்போன நாயைத் திருப்புவதுதான் நான் பார்த்ததில் கடினமான வேலை.

வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்தால் இரண்டு, மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும். முதலில் கடி மென்மையாகும், அதன் பிறகுதான் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறையவில்லையே என்று முதல் வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள். தடம் விழுகிறதா என்று கையைப் பாருங்கள்.

### தூக்கினால் அல்லது குறிப்பிட்ட இடத்தில் தொட்டால் மட்டும் கடிக்கிறது

இது விளையாட்டுக் கடி இல்லை. குட்டி அமைதியாக இருக்கும்போது காது, கால் விரல் இடுக்கு, வால் அடி, வயிறு என்று மெதுவாகத் தடவிப் பாருங்கள். விரல் இடுக்கிலும் காது மடலுக்குள்ளும் உண்ணி ஒளிந்திருக்கும். காது நாற்றம் அடித்தாலோ, ஒரே இடத்தில் தொடும்போது ஒவ்வொரு முறையும் திரும்பினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லை என்று உறுதியானால், தொடுவதற்குப் பழக்குங்கள்: காதைத் தொட்டதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி, பாதத்தைத் தொட்டதும் ஒரு துண்டு. ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை போதும்.

சோற்றுத் தட்டுக்கோ எலும்புக்கோ பக்கத்தில் போனால் உடம்பை விறைத்து, அசையாமல் நின்று, அடித்தொண்டையில் உறுமிக் கடித்தால், அதை வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். தட்டைப் பிடுங்கி "நான்தான் எஜமான்" என்று காட்டுவது இதை மோசமாக்கும். அடிக்காமல், தின்பண்டம் வைத்துப் பழக்கும் பயிற்சியாளரைக் கூப்பிடும் இடம் இதுதான். வந்தவர் முதல் நாளே முள் சங்கிலியை எடுத்தால் காசு கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

## அறிகுறி: லுங்கி, புடவை, பாவாடை நுனியைக் கவ்வித் தொங்குகிறது

அசைகிற துணி குட்டிக்கு ஓடுகிற எலி மாதிரி. நடக்க நடக்க இழுக்கும், உதற உதறப் பிடிக்கும். செய்ய வேண்டியது நின்றுவிடுவது. மரம் மாதிரி நில்லுங்கள், துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். விட்டதும் இடுப்பில் செருகி வைத்திருக்கும் கயிற்றுப் பொம்மையைக் கீழே இழுத்துக்கொண்டே நடங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் தடுக்கி விழும் ஆபத்து இருக்கிறது; அங்கே இந்தப் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டாம். பாட்டி எழுந்து நடமாடும் நேரத்தில் குட்டி தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும்.

## அறிகுறி: நாற்காலிக் கால், கதவு, செருப்பு, வயரைக் கடிக்கிறது

### யாரும் பார்க்காதபோதுதான் கடிக்கிறது

திருட்டுத்தனம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் நிறுத்திவிடுகிறீர்கள், இல்லாதபோது நிறுத்த ஆள் இல்லை. காசு செலவில்லாத வழி, வீட்டைச் சுருக்குவது. ஒரு மூலையைத் தடுத்து, படுக்கை, தண்ணீர், கடிக்க இரண்டு பொருள் வைத்து, கண் பார்வையில் வைத்திருக்க முடியாதபோது குட்டி அங்கேதான். செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் தட்டு. வயர்களைச் சுவரோடு ஒட்டி உயர்த்துங்கள், முடியாத இடத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வயரில் பயிற்சி கிடையாது. ஒரே கடியில் உயிர் போகும்.

பழைய செருப்பை விளையாடக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய செருப்புக்கும் விருந்தாளியின் புதுச் செருப்புக்கும் குட்டி வித்தியாசம் பார்க்காது.

### நீங்கள் இருக்கும்போதே, மணிக்கணக்கில் மரத்தை அரைக்கிறது

நாலு மாதம் ஆகப் போகிறது என்றால் பல் மாறுகிறது. 28 பால்பற்களும் விழுந்து 42 பற்கள் முளைத்து முடிய ஏறக்குறைய 7 மாதம் ஆகும். முதலில் முன்பற்கள், கோரைப்பற்கள் பின்னால். தரையைப் பெருக்கும்போது அரிசி மாதிரி ஒரு பல் அகப்படும். பொம்மையில் துளி ரத்தம் தெரியும். பயப்பட ஒன்றும் இல்லை, ஈறு அரிக்கிறது.

பழைய துண்டை நனைத்து, முறுக்கி, முடிச்சிட்டு ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். குளிர்ந்த துண்டு ஈற்றுக்கு இதமாக இருக்கும். உறைந்து இருக்கும்வரைதான் கொடுக்க வேண்டும். தளர்ந்ததும் நூல் நூலாகப் பிய்த்து விழுங்கும் என்பதால் எடுத்துவிடுங்கள். முழுக் கேரட்டைக் குளிரவைத்துக் கொடுக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. கடையில் வாங்கும் பொம்மை எதுவானாலும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமும் பதியாத பொருள் பல்லை உடைக்கும். வேகவைத்த எலும்பு வேண்டவே வேண்டாம், கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். தேங்காய் நாரையும் கொடுக்காதீர்கள், உருண்டையாகி வயிற்றில் அடைத்துக்கொள்ளும்.

நாற்காலியைக் கடிக்கும்போது பிடுங்கித் திட்டாமல், துண்டை வாய்க்கருகில் கொண்டுபோய் அசையுங்கள். அது மாறிக் கவ்வியதும் "சபாஷ்" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் கூட விளையாடுங்கள். துண்டு உயிரில்லாமல் மூலையில் கிடந்தால் நாற்காலிக் கால்தான் ஜெயிக்கும்.

கசப்பு ஸ்ப்ரே கேட்பார்கள். நாய்களுக்கென்று விற்பதை வாங்கி, முதலில் பஞ்சில் நனைத்துக் காட்டி முகம் சுளிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். சில குட்டிகள் நக்கிவிட்டுப் போகும், அவற்றுக்குக் காசு வீண். மிளகாய்த்தூள் கண்ணில் பட்டால் குட்டி படும் பாட்டை ஒருமுறை பார்த்திருக்கிறேன், அதைச் செய்யாதீர்கள்.

### நீங்கள் வெளியே போனபின் கதவைச் சுரண்டிக் கடித்து ஊளையிடுகிறது

சேதம் கதவு நிலை, ஜன்னல் விளிம்பு என்று வெளியேறும் இடங்களில் மட்டும் இருக்கிறதா, எச்சில் குளமாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். பழைய போனைப் பதிவில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் வந்து கேளுங்கள். போன உடனேயே ஊளையும் சுரண்டலும் ஆரம்பித்து ஓயவே இல்லை என்றால் அது பல் பிரச்சினை இல்லை, தனிமைப் பயம். தண்டனையால் மோசமாகும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று தனிமைக்குப் பழக்கத் தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரையும் பயிற்சியாளரையும் சேர்த்துப் பாருங்கள்.

### மருத்துவரிடம் போக வேண்டியவை

மண், சுண்ணாம்புச் சுவர், சிமென்ட் என்று தேடித் தேடித் தின்றால் முதலில் குடற்புழு நீக்க மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று அட்டையைப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் எடை பார்த்துக் கொடுக்க மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு, ஏழு மாதத்தில் உதட்டைத் தூக்கினால் பழைய கோரைப்பல்லும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பழையதைப் பிடுங்க வேண்டியிருக்கும். மயக்கம் கொடுத்துச் செய்வது, செலவாகும், தள்ளிப்போட்டால் பல் வரிசை கோணும். துணியோ பொம்மைத் துண்டோ காணாமல் போய், குட்டி வாந்தி எடுத்துச் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதைக் குட்டி நலமாக இருக்கும்போதே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள்.

## அறிகுறி: லீஷ் மாட்டினால் உட்கார்ந்துவிடுகிறது, நகர மறுக்கிறது

தெருவில் இறக்கும் முன் ஒரு கேள்வி: தடுப்பூசிகள் முடிந்தனவா? பார்வோ என்ற வைரஸ் நம் தெரு மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசிகள் முடிந்து மருத்துவர் சொல்லும்வரை வெளியே தூக்கிக்கொண்டு போய் வண்டிச் சத்தம், கூட்டம் காட்டலாம், தரையில் விட வேண்டாம். நடைப் பயிற்சி கூடத்திலும் மாடியிலும் நடக்கட்டும்.

மறுப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் பழக்கமின்மை. இரண்டு நாள் கழுத்துப் பட்டையை மட்டும் போட்டு விடுங்கள், இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வாக. மூன்றாம் நாள் லீஷை மாட்டிப் பிடிக்காமல் தரையில் இழுபட விடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு. சோற்று நேரத்தில் மாட்டினால் அதைக் கண்டாலே சந்தோஷப்படும். அதற்குப் பிறகு கையில் எடுங்கள்.

அடுத்தது சூடு. புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழு எண்ணுங்கள். வைத்திருக்க முடியாவிட்டால் குட்டியாலும் முடியாது. சித்திரை, வைகாசியில் எங்கள் ஊரில் மாலை ஆறரைக்குக்கூட ரோடு தகிக்கும். காலை ஆறு மணிக்கு முன்னால்தான் நடை.

சூடும் இல்லை என்றால் பயம். எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். தினமும் ஒரே இடத்தில் நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது: வெல்டிங் கடைச் சத்தம், கேட்டுக்குள் குரைக்கும் பெரிய நாய். இழுத்துக்கொண்டு கடக்காதீர்கள். லீஷ் தளர்ந்திருக்க, குந்தி உட்கார்ந்து, அது தானாக ஓர் அடி எடுத்து வைத்தால் ஒரு துண்டு கொடுங்கள். வாங்காவிட்டால் திரும்பி வீட்டுக்குப் போங்கள். பிடித்த தின்பண்டத்தைக்கூட வாங்காத குட்டி பயத்தின் உச்சத்தில் இருக்கிறது, அந்த நிலையில் எதையும் கற்காது.

வீட்டுக்குள்ளும் நடக்கத் தயங்கினால், ஒரு காலைத் தூக்கி நடந்தால், மருத்துவர்.

## அறிகுறி: லீஷை இழுத்துக்கொண்டு ஓடுகிறது

குட்டி இழுக்கக் கற்றுக்கொள்வது நம்மிடம்தான். அது இழுக்கிறது, நாம் பின்னாலேயே போகிறோம், போக நினைத்த இடம் வந்துவிடுகிறது. இழுத்தால் கிடைக்கும் என்பதை ஒரு நடையில் நூறு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள். இரும்புச் சங்கிலியா? கனமும் சத்தமும் அதிகம், நம் கையையும் கிழிக்கும். ஆறடி நீளமுள்ள துணி லீஷ் போதும். சுருண்டு நீளும் வகை வேண்டாம். அதில் கொஞ்சம் இழுவை எப்போதும் இருப்பதால் இழுத்தால் நீளும் என்றே பழகும். இருமிக்கொண்டே இழுக்கும் குட்டிக்கு மார்பில் கொக்கி மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும், கழுத்து தப்பிக்கும். ஹார்னஸ் கற்றுக்கொடுக்காது, கற்றுக்கொடுக்க நேரம் வாங்கித் தரும்.

பிறகு முறை. என் வீட்டில் இப்போது இருக்கும் பெண் நாட்டுக்குட்டியை வைத்தே சொல்கிறேன். சந்தில் கிடந்ததைத் தூக்கி வந்தது. ஐந்து மாதத்தில் கேட்டைத் திறந்தால் டீக்கடை முனைவரை ஒரே இழுப்பு. அங்கே அவளைப் போன்ற நாலு நாய்கள் படுத்திருக்கும். எங்கள் கேட்டிலிருந்து டீக்கடைக்கு ஐந்து மின்கம்பம்.

முதல் மூன்று நாள் கேட்டைத் தாண்டவே இல்லை. வாசலில், வேகவைத்த கோழியைக் கொண்டைக்கடலை அளவுக்குப் பிய்த்து வலது பையில் வைத்துக்கொண்டு, அவளை இடது பக்கம் விட்டு நடந்தேன். சைவ வீடென்றால் பனீர் இதே வேலையைச் செய்யும். இரண்டு அடிக்கு ஒருமுறை, என் இடது முட்டிக்குப் பக்கத்தில், கால் சட்டையை ஒட்டி ஒரு துண்டு. முன்னால் நீட்டிக் கொடுத்தால் அவள் முன்னாலேயே நிற்கக் கற்றுக்கொள்வாள். கொடுக்கும் இடம்தான் நடக்கும் இடம். அந்தக் கோழிக்கு ஈடாக இரவுச் சோற்றில் ஒரு கைப்பிடி குறைத்தேன்.

நாலாம் நாள் தெரு. முதல் கம்பம் போவதற்குள் ஏழு முறை இழுத்தாள். ஒவ்வொரு முறையும் நான் நின்றேன். லீஷ் பிடித்த கையைத் தொப்புளோடு வைத்துக்கொண்டு, இழுக்காமல், பேசாமல். அவள் திரும்பிப் பார்ப்பாள், அல்லது ஓர் அடி பின்னால் வைப்பாள், லீஷ் 'ப' மாதிரித் தொய்யும். தொய்ந்த அந்த நொடியில் "போலாம்" என்று சொல்லி நகர்ந்தேன். இருபது நிமிடத்தில் ஒரு கம்பம் போய்த் திரும்பினோம். பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெரியவர், "நாய கூட்டிட்டு வந்தியா, நின்னு வேடிக்கை பாக்க வந்தியாப்பா?" என்று கேட்டார். அவருக்கும் விளக்கினேன், அடுத்த நாளிலிருந்து அவரே "நில்லு, நில்லு" என்று நினைவுபடுத்தினார்.

மூன்றாவது கம்பத்தில் சிக்கினோம். அங்கிருந்து நாய்கள் தெரியும். காது நிமிர்ந்து, வாய் மூடி, கண் நட்டுவிட்டால் கோழி கண்ணுக்கே தெரியாது. நின்று பார்த்தும் பயன் இல்லை. நான் நிற்க நிற்க அவளுக்கு வெறிக்க நேரம்தான் கிடைத்தது. தூரம் அதிகப்பட வேண்டியிருந்தது. இரண்டாவது கம்பத்துக்குத் திரும்பி, அவள் நாய்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுத்தேன். இப்படி ஒரு வாரம். பிறகுதான் மூன்றாவது. நாலாவது கம்பத்துக்குப் போக இன்னும் பத்து நாள் ஆனது. ஐந்தாவதுக்கு அவளை நான் கொண்டுபோவதே இல்லை. கட்டியிருக்கும் நாயைத் தெரு நாய்கள் சூழ்ந்தால் அவளால் ஓடவும் முடியாது, பேசவும் முடியாது. எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு போகிறோம்.

இதில் தவறுகிற இடம் ஒன்றே. அவசரமாக இருக்கும் நாளில் "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று இழுக்க விட்டு நடப்பது. பத்து முறைக்கு ஒருமுறை கிடைத்தாலும் குட்டி இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அவசர நாளில் ஹார்னஸின் முதுகுக் கொக்கியில் மாட்டிப் போங்கள், பயிற்சி நாளில் மார்புக் கொக்கியில். இரண்டும் வேறு என்று ஒரு வாரத்தில் புரிந்துகொள்ளும்.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் வேறு நாயைக் கண்டாலே முடி சிலிர்த்துப் பாய்ந்தால், திரும்பி உங்கள் காலைக் கடித்தால், அல்லது வளர்ந்த குட்டியின் எடையை உங்களால் நிறுத்த முடியவில்லை என்றால் பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். அவர் உங்கள் தெருவிலேயே, லீஷை உங்கள் கையில் கொடுத்துச் சொல்லித் தருபவராக இருக்க வேண்டும். இரண்டு மாதம் கொண்டுபோய் விட்டால் பழக்கித் தருகிறேன் என்றால், பழகுவது அவர் கைக்கு.

## அறிகுறி: நடக்கும்போது லீஷையே கவ்விக் குதிக்கிறது

நடையின் தொடக்கத்தில் என்றால் உற்சாகம். கேட்டைத் திறக்கும் முன் பத்துத் துண்டைப் புல்லிலோ தரையிலோ தூவி மோந்து தேட விடுங்கள், தலை கீழே போனதும் மூச்சு அடங்கும். நடையின் கடைசியில் என்றால் களைப்பு, அடுத்த நாள் ஐந்து நிமிடம் குறையுங்கள். மூன்று, நாலு மாதக் குட்டிக்கு ஒரு வேளைக்குப் பத்து, பதினைந்து நிமிட நடையே நிறைய.

கவ்விவிட்ட பிறகு இழுபறி வேண்டாம், அதுவே விளையாட்டாகிவிடும். லீஷில் அடி வைத்து மிதித்து, குதிக்க இடமில்லாமல் ஆனால் நிற்கவும் படுக்கவும் தளர்வாக விட்டு, வேறு பக்கம் பார்த்து நில்லுங்கள். வாயை விட்டதும் பையிலிருந்து கயிற்றுப் பொம்மையைக் கொடுங்கள். பல குட்டிகள் அதைக் கவ்விக்கொண்டே பெருமையாக வீடுவரை நடந்து வரும்.